ஒன்பது முறை 'தலித் மக்கள்'

சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்ட ஒரு ஊரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால், நாங்கள் ஞாயிறுதோறும் நடத்தும் படிப்பு வட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்தேன். முடித்ததும் ஒரு சிறு அமைதி. கட்டுரை மனதைத் தைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் மட்டும் கையை உயர்த்தி, "அக்கா, அந்த ரெண்டாவது பத்தியில மட்டும் ஒன்பது தடவ 'தலித் மக்கள்'னு ஆரம்பிக்குது. நாலாவது தடவைக்கு அப்புறம் நான் எண்ண ஆரம்பிச்சிட்டேன், நீங்க சொன்னத கேக்கல" என்றாள்.

கோபம்தான் முதலில் வந்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், இவள் வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று. வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் பத்தியை அப்படியே தருகிறேன்:

"தலித் மக்கள் இந்த ஊரில் எண்பது குடும்பங்களாக வாழ்கிறார்கள். தலித் மக்கள் இறந்தவர்களின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுசெல்லக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுக்கிறார்கள். தலித் மக்கள் வாய்க்காலில் இறங்கித்தான் உடலைத் தூக்கிச் செல்கிறார்கள். தலித் மக்கள் மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைச் சுமக்கிறார்கள். தலித் மக்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தார்கள். தலித் மக்கள் ஐப்பசியில் இறந்த ஒரு மூதாட்டியின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் சென்றார்கள். தலித் மக்கள் மீது ஆதிக்க சாதியினர் கல் வீசினார்கள். தலித் மக்களில் நான்கு பேருக்குக் காயம் ஏற்பட்டது. தலித் மக்கள் இன்றுவரை அந்தப் பாதைக்காகப் போராடுகிறார்கள்."

ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் பிழையில்லாதது. ஒன்றை அடுத்து ஒன்றாகப் படித்தால் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல இருக்கிறது. ஒன்பது வாக்கியமும் ஒன்றையொன்று தெரியாதவர்கள்போல நிற்கின்றன. மழைக்காலத் தண்ணீருக்கும் ஐப்பசி மரணத்துக்கும் என்ன தொடர்பு என்பதே பத்தியில் இல்லை.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யோசித்தேன். பத்து வருடமாக நான் அதிகம் எழுதியது மனுக்கள்தான். மனுவில் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்க வேண்டும். யார் என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு முதுகலை ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது, அதனால் அது பெரும்பாலும் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதை அந்த இரண்டு வருடத்தில் என் கை மறந்துவிட்டது போலும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பெயரைச் சொல்லாமல் விடுவது என்பது நம் வரலாற்றில் சாதாரண விஷயம் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே அதன் தலைப்பாக வைத்தார். 'பறையன்' என்று முதல் பக்கத்தில் அச்சடித்துக் காட்டினார். அந்த வரிசையில் வருகிற நமக்கு, ஒரு வாக்கியத்தின் தலையிலிருந்து 'தலித்' என்ற சொல்லை எடுப்பதே எதையோ விட்டுக்கொடுப்பதுபோலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் முதல் தடவை திருத்தியபோது தப்பாகத் திருத்தினேன்.

முதல் திருத்தத்தில் வாக்கியங்களைத் தொடவில்லை, பெயரை மட்டும் மாற்றினேன். ஒன்றில் 'அம்மக்கள்', ஒன்றில் 'ஒடுக்கப்பட்டோர்', ஒன்றில் 'விளிம்புநிலை மக்கள்', இன்னொன்றில் 'பாதிக்கப்பட்ட சமூகத்தினர்', மற்றவற்றில் 'அவர்கள்'. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்பார்களே, அந்த வித்தை. படித்துப் பார்த்தால் ஓட்டம் கொஞ்சமும் மாறவில்லை. எல்லா வாக்கியமும் இன்னமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது, முகமூடி மட்டும் வேறு. அதைவிட மோசம், அர்த்தம் கலங்கிவிட்டது. 'தலித்' என்பது இந்த ஊரில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 'விளிம்புநிலை மக்கள்' என்றால் யார்? நிலமில்லாத எவரும் அதில் வரலாம், கல் எறிந்தவர்களில் சிலர்கூட வரலாம். 'அவர்கள்' இன்னும் ஆபத்து. "ஆதிக்க சாதியினர் கல் வீசினார்கள். அவர்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள்" என்று எழுதினால் போனது யார்? எழுதியவருக்குத் தெரியும். படிப்பவர் கடைசியாகக் கேட்ட பெயரைத்தான் பிடித்துக்கொள்வார். அடிபட்டவர்கள் புகார் கொடுக்கப் போனது, அடித்தவர்கள் முந்திக்கொண்டு போனதாக மாறிவிடும்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது முறை உட்கார்ந்தேன். இந்தத் தடவை வாக்கியங்களையே மாற்றினேன். வந்தது இது:

"இந்த ஊரில் எண்பது தலித் குடும்பங்கள் வாழ்கின்றன. இறந்தவர்களின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுசெல்லும் உரிமை இவர்களுக்கு மறுக்கப்படுகிறது. வாய்க்கால் வழியாகத்தான் உடல் தூக்கிச் செல்லப்படுகிறது. மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடை சுமக்கப்படுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனு அளிக்கப்பட்டது. ஐப்பசியில் இறந்த ஒரு மூதாட்டியின் உடல் பொதுப்பாதையில் எடுத்துச் செல்லப்பட்டபோது கல் வீசப்பட்டது. நான்கு பேருக்குக் காயம் ஏற்பட்டது. பாதைக்கான போராட்டம் இன்றும் தொடர்கிறது."

எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டு வாக்கியம், எட்டு விதமான தொடக்கம். ஏதோ நாளிதழில் வந்த கட்டுரைபோல நிமிர்ந்து நின்றது. அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போனபோது காலனியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். இறந்துபோன மூதாட்டியின் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், பாடைக்கு முன்னால் தீச்சட்டி பிடித்துக்கொண்டு நடந்தவர். முடிந்ததும் கேட்டார்:

"ஏம்மா, கல்லு தானா வந்து விழுந்துச்சா?"

நான் தாளைத் திரும்பப் பார்த்தேன். 'ஆதிக்க சாதியினர்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. பழைய பத்தியில் இரண்டு முறை இருந்தது. மறுக்கப்படுகிறது, யார் மறுக்கிறார்கள்? வீசப்பட்டது, யார் வீசினார்கள்? நான்கு பேருக்குக் காயம், எந்த நான்கு பேருக்கு? சாதிக் கலவரம் என்று எழுதும் செய்தியாளர்கள் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்பார்களே, அந்த மொழிக்கு நானே வந்து சேர்ந்திருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் விழாமல் தப்பிக்கலாம். வாக்கியத்தின் தலையை மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தால் மிகச் சுலபமாகக் கைக்கு வருவது செயப்பாட்டுவினை. 'ஆதிக்க சாதியினர் கல் வீசினார்கள்' என்பதில் கல்லைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டுமானால் 'கல் வீசப்பட்டது'. உடனே தலை மாறிவிடும். செய்தவரைச் சொல்ல 'ஆல்' போட்டு 'ஆதிக்க சாதியினரால்' என்று எழுதலாம்தான், ஆனால் தமிழில் அது கட்டைபோல நிற்கும். அதனால் கை அதை விட்டுவிடும். செயப்பாட்டுவினையில் செய்தவன் காணாமல்போவது நம் கவனக்குறைவு மட்டுமல்ல, அந்த அமைப்பின் சரிவே அந்தப் பக்கம்தான்.

இன்னொன்றும் அன்று கவனித்தேன். திரும்பத் திரும்ப வருவது ஒழியவே இல்லை, இடம் மாறியிருந்தது. மறுக்கப்படுகிறது, செல்லப்படுகிறது, சுமக்கப்படுகிறது, அளிக்கப்பட்டது, வீசப்பட்டது. முன்பு தலையில் தட்டிக்கொண்டிருந்தது இப்போது வாலில் தட்டுகிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடியும், காதில் கடைசியாக நிற்பது அதுதான். ஆகவே தொடக்கங்களை மட்டும் பார்த்தால் போதாது. இப்போதெல்லாம் ஒரு பத்தியைத் திருத்தும்போது இடது ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லையும், வலது ஓரத்தில் கடைசிச் சொல்லையும் மேலிருந்து கீழாக எழுதிக்கொள்கிறேன். இரண்டு வரிசையையும் வாசித்தால் எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது முறை உட்கார்ந்தபோது முதலில் ஒரு பட்டியல் போட்டேன்: யார், யாருக்கு, என்ன செய்தார்கள். பழைய பத்தியிலிருந்து ஒன்பது வரி. தடுப்பது ஆதிக்க சாதியினர். மனு கொடுத்தது தலித் மக்கள். கல் வீசியது ஆதிக்க சாதியினர், வீசப்பட்டது தலித் மக்கள் மீது. இப்படி. இந்தப் பட்டியலில் இருக்கும் எவரும் புதிய பத்தியில் காணாமல்போகக் கூடாது, இல்லாத எவரும் வந்துவிடக் கூடாது. செய்தி மாறவில்லை என்பதைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பட்டியலைப் போட்டதும் ஒரு உண்மை உறைத்தது. என் பழைய பத்தியே இரண்டு இடத்தில் கோணலாக இருந்தது. கல் வீசியவர்கள் யார் என்பதுதான் அந்த வாக்கியத்தின் விஷயம், ஆனால் அதையும் 'தலித் மக்கள் மீது' என்று தொடங்கியிருந்தேன். அடுத்த வரியில் 'காயம் ஏற்பட்டது' என்று வேறு எழுதியிருந்தேன், காயம் காய்ச்சல்போல வந்த மாதிரி. அதாவது ஒரே தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வரியும் எழுதியதால், மற்றவர்கள் செய்ததைக்கூட நம் மக்களுக்கு நேர்ந்ததாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பிறகு தொடக்கங்கள். ஒரு வாக்கியம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி இதுதான்: முந்தைய வாக்கியம் முடிந்தபோது படிப்பவரின் மனதில் எது நிற்கிறது? அங்கிருந்து தொடங்கு. புதிதாகச் சொல்ல வேண்டியதை வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை. தமிழில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது, ஏனென்றால் யார் யாருக்குச் செய்தார் என்பதை வேற்றுமை உருபு பிடித்துக்கொண்டிருக்கிறது. 'தலித் மக்கள் மீது ஆதிக்க சாதியினர் கல் வீசினார்கள்', 'ஆதிக்க சாதியினர் தலித் மக்கள் மீது கல் வீசினார்கள்', 'தலித் மக்கள் மீது கல் வீசியவர்கள் ஆதிக்க சாதியினர்'. எப்படிப் புரட்டினாலும் குற்றவாளி மாறமாட்டார். அழுத்தம் மட்டும் நகரும். செயப்பாட்டுவினைக்குப் போகாமலே தலையை மாற்ற முடியும் என்பது எனக்கு அப்போதுதான் கையில் வந்தது.

எழுவாயைச் சொல்லாமலும் விடலாம். பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். 'எடுத்துச் சென்றார்கள்' என்றாலே பலர் என்பது வினையில் இருக்கிறது. ஆனால் இரண்டு கூட்டம் மோதும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது, அங்கே இரண்டு பக்கமும் 'ஆர்கள்'தான். தன்மையில் எழுதும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. 'நாங்கள் சென்றோம், நாங்கள் பார்த்தோம், நாங்கள் விசாரித்தோம்' என்று கள அறிக்கையில் எழுதுவோம், 'நாங்கள்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் 'ஓம்' போதும். ஆனால் 'போராடுகிறோம்' என்பது 'நாங்கள்' ஆகவும் இருக்கலாம், 'நாம்' ஆகவும் இருக்கலாம். வெளியூரிலிருந்து போன நாலு பேர் எழுதிய அறிக்கையில், படிப்பவரையும் பாதிக்கப்பட்டவரையும் எழுதியவரையும் சேர்த்து ஒரே 'ஓம்' ஆக்கிவிட்டால், பாடை சுமந்தவரும் பஸ் ஏறித் திரும்பியவரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த இடத்தில் 'நாங்கள்' திரும்பத் திரும்ப வந்தாலும் வரட்டும்.

என்னை அதிகம் படுத்தியது வாக்கியங்களை இணைப்பதுதான். இரண்டை ஒன்றாக்கினால் ஒரு தொடக்கம் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். நான் எழுதிய முதல் இணைப்பு இது: 'கல் வீசி நான்கு பேர் காயமடைந்தார்கள்.' வினையெச்சத்தின் எழுவாயும் முற்றுவினையின் எழுவாயும் பொதுவாக ஒன்றாக இருக்கும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவை விலக்கு. அந்தப் பொது வழக்கப்படி என் வாக்கியத்தில் கல் வீசியவர்களே காயமடைந்தவர்கள்! புகார் மனுவில் இப்படி ஒரு வரி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விடுவாரா?

இரண்டாவது இணைப்பு இன்னும் நுட்பமாக ஏமாற்றியது. 'மூன்று முறை மனு கொடுத்தும் பதில் வராததால், மூதாட்டியின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் சென்றார்கள்.' ஓட்டம் அருமை. கதை கச்சிதம். ஆனால் 'ஆல்' என்ற இரண்டு எழுத்து ஒரு காரணத்தைச் சொல்கிறது, அந்தக் காரணம் என் குறிப்பேட்டில் இல்லை. பெரியவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "மனுவா? அத யாரு நெனச்சா அன்னிக்கி. வாய்க்கால்ல நெஞ்சு மட்டும் தண்ணி. எறங்கினா பாடையோட நாங்களும் போயிருவோம். வேற வழி இல்லாமத்தான் ரோட்டுல ஏறினோம்" என்றார். நான் எழுதியிருந்தால், உயிர் பயத்தில் பாதை ஏறியவர்களைத் திட்டமிட்டு மறியல் செய்தவர்களாக ஆக்கியிருப்பேன். திட்டமிட்டுச் செய்வது தவறு என்று சொல்லவில்லை. நடந்தது அது இல்லை. 'ஆல்', 'எனவே', 'இதனால்', 'ஆகையால்' எல்லாம் வாக்கியத்தை ஒட்டும் பசைபோலத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம். வெறும் ஓட்டத்துக்காக அதைச் சேர்க்கும்போது செய்தி மாறிவிடுகிறது.

'மேலும்' பற்றி ஒரு வரி: மாணவர்கள் எனக்கு அனுப்பும் கட்டுரைகளில் பத்திக்குப் பத்தி வருகிறது. அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் எதுவும் குறையாது.

கடைசியில் பத்தி இப்படி வந்து நின்றது:

"இந்த ஊரில் தலித் மக்கள் எண்பது குடும்பங்களாக வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பாடை பொதுப்பாதையில் போகக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுக்கிறார்கள். மிச்சமிருக்கும் வழி வாய்க்கால்தான். மழைக்காலத்தில் அதில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஓடும். பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு அதற்குள் இறங்கி நடக்க வேண்டும். பாதை கேட்டுத் தலித் மக்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு மூதாட்டி இறந்த அன்று வாய்க்காலில் தண்ணீர் நெஞ்சளவு. அன்று உடலைப் பொதுப்பாதையிலேயே எடுத்துச் சென்றார்கள். ஆதிக்க சாதியினர் அவர்கள் மீது கல் வீசினார்கள். கல் பட்டுக் காயமடைந்த நான்கு பேரும் தலித்துகள். தலித் மக்கள் இன்றுவரை அந்தப் பாதைக்காகப் போராடுகிறார்கள்."

பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்பதும் இருக்கிறது, செய்தவரும் செய்யப்பட்டவரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது, நெஞ்சளவுத் தண்ணீர். அது நடையை மாற்றியதால் வந்தது அல்ல, கேட்டதால் வந்தது. இணைக்க முயன்றபோதுதான் அங்கே ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. கடைசி வாக்கியத்தை மட்டும் பழையபடியே விட்டேன். ஒன்பதாவது முறையாகக் கேட்டபோது அது யார் காதிலும் விழவில்லை. இப்போது பத்தியில் 'தலித் மக்கள்' என்று தொடங்கும் ஒரே வாக்கியம் அதுதான். 'எடுத்துச் சென்றார்கள்' என்பதில் எழுவாய் இல்லை, பார்த்திருப்பீர்கள். ஆதிக்க சாதியினர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, அதனால் துணிந்து விட்டேன். அவர்கள் வந்த பிறகான வரியில் 'அவர்கள் மீது' என்று எழுதியிருக்கிறேன். கல் வீசியவர்கள் அதே வாக்கியத்தின் எழுவாயாக நிற்பதால், அந்த 'அவர்கள்' அடுத்த பக்கத்தைத்தான் குறிக்க முடியும்.

இந்தத் திருத்தம் எல்லாம் கட்டுரைக்குத்தான். அதே சம்பவத்துக்குப் புகார் எழுதும்போது நான் பழைய பத்தியைப் போலத்தான் எழுதுவேன், இன்னும் மோசமாகக்கூட. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல், 2015 திருத்தத்துக்குப் பிறகு, சுடுகாட்டையோ பொதுப்பாதையையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது பிரிவு 3(1)(za)-இன் கீழ் குற்றம். தடுத்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும், தடுக்கப்பட்டவர் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆகவே புகாரில் இன்னார், இன்ன சாதியைச் சேர்ந்தவர், இன்னாரைத் தடுத்தார் என்று ஒவ்வொரு வரியிலும் பெயர் வந்துகொண்டே இருக்கட்டும். 'அவர்', 'மேற்படி நபர்கள்', 'தடுக்கப்பட்டது' எதுவும் வேண்டாம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அலுப்புத் தட்டினால் தட்டட்டும்.

மேடையிலும் வேறு கணக்கு. துண்டறிக்கையிலோ பேச்சிலோ ஒரே தொடக்கத்தை வேண்டுமென்றே மூன்று முறை வைப்போம். அது தற்செயலா, வேண்டுமென்று வைத்ததா என்று அறிய நான் ஒன்று செய்வேன்: மூன்றில் நடுவில் இருப்பதை எடுத்துவிட்டுச் சத்தமாகப் படிப்பேன். ஏறிக்கொண்டு போன குரல் படியில்லாமல் தடுக்கினால் அது அங்கே இருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் பழக்கத்தில் எழுதியது. என் பத்தியில் ஒன்பதில் ஐந்தை எடுத்தாலும் குரல் தடுக்கவில்லை.

புதிய பத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி காலனிக்குப் போனேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆதிக்க சாதியினர் என்ற வரி வந்ததும் தலையை ஆட்டினார். முடித்த பிறகு, "இப்ப சரி. ஒண்ணு மட்டும் இடிக்குது" என்றார்.

"என்னங்க ஐயா?"

"'ஒரு மூதாட்டி'ன்னா யாரு? எங்க அக்காவுக்குப் பேரு இருக்குல்ல."

ஒன்பது முறை தலித் மக்கள் என்று எழுதினேன், மூன்று முறை திருத்தினேன், ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற மூதாட்டியின் மகளைப் பார்த்தேன். "போடுங்க, பயமில்ல" என்றார். ஊரைச் சொல்லாமல் எழுதும் இந்தக் கட்டுரையில் அந்தப் பெயரையும் நான் சொல்லவில்லை. அங்கே அச்சடித்துக் கொடுத்த பிரதியில் ஏழாவது வாக்கியம் அவர் பெயரில்தான் தொடங்குகிறது.